அறங்காவலர் விடைபெறும்போது

குப்பனூரில் சிறிய அறக்கட்டளை நடத்துகிறீர்களா? பல்லாண்டு வழிகாட்டிய அறங்காவலரை இப்படி வழியனுப்புங்கள்.

• விலகல் கடிதத்தை ஏற்கும் கூட்டத்திலேயே நன்றித் தீர்மானத்தையும் நிறைவேற்றி, குறிப்பேட்டில் பதியுங்கள். ‘அரும்பணி ஆற்றினார்’ என்று மட்டும் எழுதாமல், அவர் யோசனையால் தொடங்கிய மாலை வகுப்பையும், அதில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

• நினைவுப் பரிசை அறக்கட்டளைப் பணத்தில் வாங்காதீர்கள். அறங்காவலருக்குப் பலன் போனால் வருமான வரி விலக்குக்குச் சிக்கல் வரலாம். உறுப்பினர்கள் கைப்பணம் சேர்த்து வாங்குங்கள்.

• விலகுபவர் காசோலையில் கையொப்பமிடுபவர் என்றால், கையொப்பதாரரை மாற்றும் தீர்மானத்தின் நகலை வங்கியில் கொடுத்து, புதியவரின் கையொப்பம் பதிவானபின் வழியனுப்பு விழா வையுங்கள். இல்லையெனில் காசோலைகள் தேங்கும்.

• வெளிநாட்டு நன்கொடை பெற அனுமதி உள்ள அமைப்பு என்றால், நிர்வாகி மாற்றத்தை FC-6E படிவத்தில் இணையத்தில் தெரிவியுங்கள்.