பைக்குள் சூடான லேப்டாப்: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: 62,000 ரூபாய்க்கு வாங்கிய என் லேப்டாப்பின் திரை உடைந்ததால், நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே காசு கொடுத்து மாற்றினேன். அன்றிலிருந்து மூடிப் பையில் வைத்தாலும் அணைவதில்லை, அடுப்புபோல் கொதிக்கிறது. இப்போது பேட்டரி உப்பிவிட்டது. “உங்கள் செட்டிங்ஸில்தான் கோளாறு” என்று கையை விரிக்கிறார்கள். வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: போடலாம். ஆனால் தவறு செட்டிங்ஸிலா, அவர்கள் செய்த வேலையிலா என்பதில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது. உப்பிய பேட்டரியை இனி சார்ஜ் போடாதீர்கள். லேப்டாப்பை வெளிக்கடையில் திறக்கவும் கொடுக்காதீர்கள். பிறகு பழி அந்தக் கடைமேல் போய்விடும்.

பெரும்பாலான லேப்டாப்களில் திரைச் சட்டத்துக்குள் ஒரு சிறு காந்தமும், கீழ்ப்பாகத்தில் அதை உணரும் சென்சாரும் இருக்கும். காந்தம் நெருங்கினால்தான் மூடி மூடியது என்று கணினிக்குத் தெரியும். திரை மாற்றும்போது காந்தம் விடுபட்டாலோ இடம் மாறினாலோ, மூடிய பிறகும் அது திறந்தே இருப்பதாகக் கணினி நினைக்கும். அப்படியே தூங்கினாலும், பையின் அழுத்தத்தில் டச்பேட் அசைந்தால் விழித்துக்கொள்ளும்.

இதைக் காட்டும் பதிவு விண்டோஸிலேயே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி, சார்ஜரில் மட்டும் இயங்குமா என்று சர்வீஸ் சென்டரிலேயே, உங்கள் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். இயங்கினால் அட்மினிஸ்ட்ரேட்டராகக் கட்டளைச் சாளரம் திறந்து இதை அடியுங்கள்:

```
powercfg /sleepstudy /duration 28
```

கடைசி 28 நாள் வரையிலான அறிக்கை ஒரு கோப்பாகச் சேமிக்கப்படும். நாள் தள்ளினால் பழைய பதிவு கைவிட்டுப் போகும். தூக்கத்துக்குப் போன காரணமாக `Lid` என்பது எங்குமே இல்லையென்றால் உங்கள் பக்கம் பலம். ஆனால், மூடியை மூடினால் தூங்க வேண்டும் என்ற செட்டிங் சரியாக இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். `Do nothing` என்று இருந்தால் அவர்கள் சொல்வதே நிற்கும். மாறாக, `Lid` மூலம் ஒழுங்காகத் தூங்கி, பிறகு ஏதோ அப்டேட்டுக்காக விழித்திருந்தால் திரை மாற்றிய வேலையைக் குறை சொல்வது கடினம்.

சான்று உங்கள் பக்கம் இருந்தால், பில், வேலைச் சீட்டு, அறிக்கை ஆகியவற்றின் நகலோடு 15 நாள் அவகாசம் தந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு என்று நீங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் இல்லை. காந்தத்தைப் பற்றி எதிர்த்தரப்பு மறுத்தால், பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம். அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு தாக்கலாக வேண்டும்.