ஒரே லேபிளில் இரண்டு மதிப்பு

2025-ல் எங்கள் புராஜெக்டுக்காக ஜெர்மனியிலிருந்து ஒரு கன்ட்ரோலர் போர்டு வாங்கினோம். விலை 900 யூரோ, பெட்டியோடு எடை 2 கிலோ. அனுப்பியவர் ஏர்வே பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். FRA, MAA என்பவை பிராங்பர்ட், சென்னை விமான நிலையங்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பில் எண்ணில்தான் சிக்கல். விமான நிறுவனத்தைக் குறிக்கும் முதல் மூன்று எண்கள் போக, மீதி 45?16283. மங்கலாயிருந்த அது 3-ஆ, 8-ஆ?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எட்டு எண்களில் கடைசி எண் சோதனை எண். முன்னுள்ள ஏழு எண்களை ஒரே எண்ணாக எடுத்து 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. 4531628-ஐ வகுத்தால் மீதி 3. 4581628-ஐ வகுத்தால் மீதி 2. லேபிளில் கடைசி எண் 3. ஆகவே மங்கலானதும் 3-தான். ஆனால் 1-ஐ 8 என்றோ, 2-ஐ 9 என்றோ படித்துவிட்டால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது. வித்தியாசம் 7 என்பதால் மீதி மாறாது.

எண்ணில் காட்டிய அக்கறையை நாங்கள் கீழேயிருந்த இரண்டு கட்டங்களில் காட்டவில்லை. ‘டிக்ளேர்டு வேல்யூ ஃபார் கஸ்டம்ஸ்’ கட்டத்தில் 900 யூரோ. ‘டிக்ளேர்டு வேல்யூ ஃபார் கேரேஜ்’ கட்டத்தில் NVD. மதிப்பு அறிவிக்கப்படவில்லை என்று அர்த்தம். “மதிப்புதான் பக்கத்துக் கட்டத்துல இருக்கே”ன்னு விட்டுட்டோம்.

பெட்டி நனைந்து வந்து சேர்ந்தது. போர்டு போச்சு. உடனே எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். சேதமென்றால் சரக்கு கைக்கு வந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். கிடைத்த பதில்: 52 எஸ்.டி.ஆர்., ஏறத்தாழ 60 யூரோ!

ஏமாற்று வேலை என்றுதான் முதலில் குதித்தோம். கணக்கு சரியாகவே இருந்தது. கஸ்டம்ஸ் மதிப்பு சுங்க அதிகாரிக்கு. அதோடு சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்த்துத்தான் இங்கே வரி போடுவார்கள். விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு அந்தத் தொகை கணக்கில்லை. கேரேஜ் கட்டத்தில் தொகை எழுதி, கேட்கும் கூடுதல் கட்டணத்தையும் கட்டியிருந்தால்தான் அந்த அளவுவரை பொறுப்பு. இல்லையென்றால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி எடைக்குத்தான் பணம். 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். என்பது உச்சவரம்பு, அதற்கு முன் 22.

அந்தக் கட்டத்தில் ஏன் எழுதவில்லை என்று அனுப்பியவரைக் கேட்டோம். எழுதினால் உங்களுக்கு வரி கூடுமோ என்று பயந்தாராம். பாவம், வரிக்கு அடிப்படை இன்வாய்ஸும் பக்கத்துக் கட்டமும். அங்கேதான் 900 ஏற்கெனவே எழுதியாச்சே!

இரண்டாவது போர்டுக்கு கேரேஜ் கட்டத்தில் 900 எழுதச் சொன்னோம். போட்டோ வந்ததும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தேன்.