சமரசப் பேச்சுக்கு எதை எடுத்துப் போவது?

அலுவலகத்தில் மனத்தாங்கல் முற்றிய இருவரை உட்காரவைத்துப் பேசுவது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய மெயில், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அடுக்கிய ஃபைலோடுதான் வருவார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லாததால், அந்த ஃபைலுக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்திப்பேன். உண்மையில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அங்கே சொல்வதை, அவர்கள் சம்மதமில்லாமல் எதிராளியிடமோ நிர்வாகத்திடமோ கொண்டுபோக மாட்டேன். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். அது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது.

ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு அம்மாவுக்கும் கொள்முதல் பிரிவுக்காரருக்கும் பேச்சு வார்த்தையே நின்றிருந்தது. “என் வேலைமேல அவருக்கு மதிப்பே இல்ல சார்” என்றார் அந்த அம்மா. மதிப்பில்லை என்பதை வைத்து யாரும் எதையும் பேசித் தீர்க்க முடியாது. கடைசியாக எப்போது அப்படித் தோன்றியது என்று கேட்டேன். மாதக் கடைசியில் ஒரு கட்டு பில்லை மேசையில் வைத்துவிட்டு, அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாராம். அன்று இரவு ஒன்பது மணிவரை இருந்து அந்த அம்மா கணக்கை முடித்திருக்கிறார். இப்போது பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. தயாராக வேண்டியதும் இப்படித்தான்: நடந்தது எது, அதனால் எனக்கு என்ன ஆனது, இனி என்ன நடந்தால் போதும். இந்த மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். “எப்பவுமே”, “வேணும்னே” என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சம்பவத்தை எழுதுங்கள்.

கூட்டு அமர்வில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது. இதைவிடச் சிரமமான விதி அங்கே கிடையாது. மறுப்பு நாக்கு நுனிவரை வந்தால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கொள்முதல்காரர் அப்படித்தான் கிறுக்கிக்கொண்டே இருந்தார். தன் முறை வந்ததும் தாளைப் பார்க்காமல், “தாமதம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல மேடம்? ஏன் ஒவ்வொரு தடவையும் மேனேஜருக்கும் சேர்த்து மெயில் போடுறீங்க?” என்றார். அந்த மெயில் அவரை இவ்வளவு சுட்டிருக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. பேச்சு சூடானால் இருவரையும் வேறு வேறு அறையில் உட்காரவைத்துத் தனியாகப் பேசுவேன். அன்றும் ஒருமுறை அப்படிச் செய்தேன்.

முடிவில் எழுதியது நாலு வரிதான். 25ஆம் தேதி மாலைக்குள் பில்கள் வர வேண்டும். சப்ளையர் இழுத்தடித்தால் முந்தின நாளே தகவல் சொல்ல வேண்டும். தாமதமானால் முதலில் போன், அதற்குப் பிறகுதான் மேனேஜருக்கு மெயில். ஒரு மாதம் கழித்து மறுபடி சந்திப்பு. “ஒருவரையொருவர் மதிப்போம்” என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அதை மீறினார்களா இல்லையா என்று யார் பார்ப்பது? வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.