தங்கம் ஏன் கறுக்கிறது?

கேள்வி: தஞ்சாவூர் ஓவியங்கள் செய்து இணையத்தில் விற்கிறேன். பெரும்பாலும் 12-க்கு 15 அங்குலம். ரிங் லைட் வைத்துச் செல்பேசியில் எடுத்தால், தங்கத்தாள் ஓரிடத்தில் கறுக்கிறது, ஓரிடத்தில் வெளுக்கிறது. அரக்குச் சிவப்புப் பின்னணி செங்கல் நிறமாகிவிடுகிறது. "போட்டோவில் பார்த்த நிறம் இல்லை" என்று ஒருவர் திருப்பியே அனுப்பிவிட்டார். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைக்கச் சொன்னார்கள். அப்படி வைத்ததும் தங்கம் முன்பைவிடக் கறுத்துவிட்டது. என்னதான் வழி?
வாசகி, கும்பகோணம்

பதில்: உங்களுக்குச் சொன்ன 45 டிகிரி யோசனை தவறானதல்ல, சாதாரண ஓவியங்களுக்கு அதுதான் சரி. வண்ணம் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும். தங்கத்தாள் அப்படியல்ல, அது கண்ணாடி போல. பக்கவாட்டு விளக்கின் ஒளியை எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பிவிடும்; செல்பேசிக்கு அது வந்து சேராது. தட்டையான தங்கத்தில் செல்பேசிக்குத் தெரிவது தன் பின்னால் இருக்கும் இருட்டு அறையும் நீங்கள் கட்டியிருக்கும் புடவையும்தான். கறுப்பின் காரணம் இதுவே. ரிங் லைட்டோ இன்னும் மோசம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு வெள்ளை வளையம் விழுந்திருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆகவே, தங்கத்தின் முன்னால் வெள்ளையாக ஏதாவது இருந்தாக வேண்டும். நேர்வெயில் விழாத ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஓவியத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. ஓவியத்துக்கு எதிரே நான்கடி தள்ளி, ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டு, அதன் முன்னால் செல்பேசியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; வேட்டி செல்பேசிக்கு மேலேயும் ஓவியத்தின் உயரமளவாவது எழும்பியிருக்கட்டும். செல்பேசியின் உயரம் ஓவியத்தின் நடுமட்டத்தில் இருக்கட்டும். சாய்ந்தால் சட்டம் கோணலாகும். ஜன்னல் வெளிச்சம் வேட்டியிலும் விழும், வேட்டி தங்கத்தில் தெரியும். சரிகைக் கரையை மடித்துவிடுங்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வேண்டாம், தங்கம் பச்சை தட்டும்.

வேட்டியை ஏன் இன்னும் மேலே உயர்த்தவில்லை என்று கேட்பீர்கள். முன்னால் முழுக்க வெள்ளையாக இருந்தால் மேடுபள்ளம் எதுவும் தெரியாமல் தங்கம் மஞ்சள் பெயின்ட் அடித்தது போலாகிவிடும். மேலே கொஞ்சம் இருட்டு இருந்தால்தான் புடைப்பு வேலைகளின் விளிம்பில் மெல்லிய கருங்கோடு விழும். அந்தக் கோடுதான் தங்கத்தைத் தங்கமாகக் காட்டுகிறது. வேட்டியைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் பாருங்கள், எந்த உயரம் சரி என்பது திரையிலேயே தெரியும்.

வெளிச்சம் சமமாக விழுகிறதா என்பதைக் கண்ணை நம்பி முடிவு செய்யக் கூடாது. ஓவியம் நிற்கும் இடத்தில் அதே அளவு வெள்ளைத்தாளை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். ஜன்னல் பக்கம் வெளுத்தும் மறுபக்கம் மங்கியும் இருந்தால் ஓவியத்தை ஜன்னலைவிட்டு இன்னும் தள்ளுங்கள், அல்லது தெர்மாகோலை நெருக்குங்கள்.

இனி சிவப்பு. முதலில் அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியும் விளக்கொளியும் கலந்தால் ஒரே திருத்தத்தால் சரிசெய்ய முடியாது. மலிவான எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு ஒளி மிகக் குறைவு என்பதால் அரக்கு மங்கும். செல்பேசியின் தானியங்கி நிறச்சமன் வேறு சேர்ந்துகொள்ளும். படம் முழுக்கச் சிவப்பாக இருப்பதைப் பார்த்து, விளக்குதான் சிவப்பு என்று எண்ணி அதைக் குறைத்துவிடும். இதற்கு மருந்து சாம்பல் அட்டை. புகைப்படக் கடைகளில் கிடைக்கும். செல்பேசியின் Pro முறையில் நிறச்சமனை ஒரே எண்ணில் நிறுத்திவையுங்கள். முதல் படத்தில் மட்டும் ஓவியத்தின் மீதே அட்டையைச் சாய்த்து எடுங்கள். பிறகு லைட்ரூம் செயலியில் நிறச்சமனுக்கான துளிக்குழாயால் அட்டையைத் தொட்டு, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் நகலெடுங்கள். நிறத்தைத் தூக்கிக் காட்டும் வசதிகள் எதுவும் செல்பேசியில் இயங்கக் கூடாது.

வெளிச்ச அளவைத் தங்கத்தைப் பார்த்தே வையுங்கள். பின்னணி இருட்டானது என்று செல்பேசி வெளிச்சத்தைக் கூட்டும். அப்போது தங்கத்தின் மஞ்சள் கரைந்து வெள்ளையாகிவிடும். கரைந்ததை மீட்க முடியாது. படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குபவரின் திரை உங்கள் கையில் இல்லை. இரவில் மஞ்சளாகும்படி அமைத்த செல்பேசியில் உங்கள் அரக்கு இன்னொரு சிவப்பாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில், ஓவியத்தை ஒருவர் கையில் பிடித்து மெல்லச் சாய்க்கும் பத்து விநாடி வீடியோ ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். தங்கம் அசைவில்தான் முழுதாகத் தெரியும்.

இதையெல்லாம் சட்டத்தில் கண்ணாடி மாட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மாட்டியபின் சிக்கல்தான். கண்ணாடியின் பிரதிபலிப்பைப் போக்க எதிரே கறுப்புத்துணி கட்ட வேண்டும். கறுப்புத்துணி கட்டினால் தங்கம் கறுக்கும். ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் பின்பக்க ஆணிகளைக் கழற்றி ஓவியத்தை வெளியே எடுப்பதே உத்தமம்.