பதவி உயர்வு கிடைக்காதவரிடம் என்ன பேசுவது?

நம்பிக்கை: கொஞ்ச நாள் விட்டால் தானாகச் சரியாகிவிடுவார்.

கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவை எண்ணிக்கொள்வோம். எட்டு வருஷமாக அங்கே இருக்கும் ஒரு சீனியர் இன்ஜினியருக்கு செக்‌ஷன் இன்சார்ஜ் பதவி கிடைக்கவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போய்விட்டது. அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

மறுநாளும் அவர் நேரத்துக்கு வருகிறார். கொடுத்த வேலையை முடிக்கிறார். அதனால் மேனேஜர் நிம்மதியாக இருந்துவிடுகிறார். ஆனால் காலைக் கூட்டத்தில், “இந்த லாட்டை அனுப்பக் கூடாது சார்” என்று எப்போதும் முட்டிக்கொண்டு நிற்பவர், இப்போது எதற்கும் தலையாட்டுகிறார். ஜூனியர் ஏதாவது கேட்டால், “இன்சார்ஜைக் கேளுப்பா” என்கிறார். ஆர்வம் போனதை வருகைப் பதிவேடு காட்டாது, இந்த மௌனம்தான் காட்டும். யாரும் பேசாத ஒவ்வொரு வாரமும் அவரே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார். பெரும்பாலும் அது உண்மையான காரணத்தைவிடக் கசப்பானதாக இருக்கும்.

நம்பிக்கை: பதவி போன வருத்தம் பதவி கொடுத்தால்தான் தீரும். காரணம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்கு 15 சதவீதம் சம்பளம் குறைக்கப்பட்டது. ஓரிடத்தில் நிர்வாகம் கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னது. மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனது. இழப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பொருள்கள் திருட்டுப் போனது, விளக்கம் சரியாகச் சொல்லாத இடத்தில் மிக அதிகம். ஒரு முடிவு எப்படி எடுக்கப்பட்டது, எப்படிச் சொல்லப்பட்டது என்பதையும் மனிதர்கள் நியாயத்தின் கணக்கில் சேர்க்கிறார்கள்.

கோவைக்கு வருவோம். “மேலே எடுத்த முடிவு, நான் என்ன பண்ண?” என்று மேனேஜர் கைவிரித்தால் அதோடு பேச்சு முடிந்துவிடும். முதலில் கதவைச் சாத்திவிட்டு, அவரைப் பேச விட வேண்டும். கோபமும் வரும், அதற்கு உடனே பதில் சொல்லத் தேவையில்லை. அவர் கொட்டி முடித்து, “நான் எதுல சார் குறைஞ்சு போயிட்டேன்?” என்று கேட்கும்போது நடந்ததைச் சொல்லலாம்: “போன வருஷம் சீல் கசிவுப் புகார் வந்தப்போ, ராத்திரியோட ராத்திரியா நீங்கதான் சரி பண்ணீங்க. ஆனா காரணத்தை எழுதி வைக்கல. கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்தப்ப வேற ஆளை அனுப்புனீங்க. நீங்க லீவு போட்டா ஜூனியர்ஸ் கை கட்டி நிக்கிறாங்க. இன்சார்ஜுக்கு வேண்டியது இந்த மூணும்தான். இதை உங்ககிட்ட முன்னாடியே சொல்லாதது என் தப்பு.”

இப்படிச் சொல்ல, காரணம் உண்மையானதாக இருக்க வேண்டும். வேண்டியவர் என்பதற்காக ஒருவருக்குப் பதவி போயிருந்தால், எந்த இனிய பேச்சும் எடுபடாது. தேர்வு முறையைத் திருத்துவதுதான் அங்கே வேலை.

நம்பிக்கை: “அடுத்த தடவை உங்களுக்குத்தான்” என்றால் உற்சாகம் வந்துவிடும்.

இதைப் போல ஆபத்தான வாக்கியம் வேறில்லை. அடுத்த பதவி எப்போது காலியாகும் என்று மேனேஜருக்கே தெரியாது. அந்த வாக்கு பொய்த்தால், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

நம்பிக்கை: கூடுதல் பொறுப்பு கொடுத்தால் மதிக்கப்படுவதாக உணர்வார்.

அதிகாரம் சேராத பொறுப்பு வெறும் வேலைச் சுமை. ஏற்கெனவே அடிபட்டவருக்கு அது சுரண்டலாகத்தான் படும். குறையாகச் சொன்ன மூன்றையும் பழக்கிக்கொள்ள இடம் தரும் ஒரே ஒரு வேலையைக் கொடுப்பது நல்லது. அடுத்து வரும் வாடிக்கையாளர் புகாரை முழுதாக அவரிடம் விடலாம். இரண்டு ஜூனியர்களை வைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடிப்பது, அறிக்கை எழுதுவது, வாடிக்கையாளர் முன் நின்று விளக்குவது எல்லாம் அவரே. சந்தேகமான லாட்டை யாரையும் கேட்காமல் நிறுத்தி வைக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். இதற்கு ஈடாக, பழைய அன்றாடச் சோதனைகளில் சிலவற்றை அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும்.

புதிய இன்சார்ஜிடம் இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே பேசிவிடுவது முக்கியம். இல்லையென்றால் மேனேஜர் தன்னைத் தாண்டிப் போகிறார் என்று அவர் நினைப்பார். ஒருவரைத் தேற்றப்போய் இருவரை இழக்க நேரும்.

மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து பேச இப்போதே ஒரு தேதி குறித்துக்கொள்ளலாம். அதற்குள் அவர் காலைக் கூட்டத்தில் மறுபடி முட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தால் நல்ல அறிகுறி. அப்போதும் தலையாட்டலே தொடர்ந்தால், ஆள்களை மேய்க்கும் பதவியை அவர் உண்மையிலேயே விரும்புகிறாரா, தொழில்நுட்ப வல்லுநராகவே உயரும் வழி அவருக்குப் பிடிக்குமா என்று நேராகக் கேட்க வேண்டும். அப்படி ஒரு வழி அந்த நிறுவனத்தில் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வேறிடம் தேடுவதா என்று முடிவெடுக்க அவருக்கு அந்தத் தகவல் தேவை.