சந்தை விகிதமும் சின்னக் கம்பெனியும்

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்களை வார்க்கும் ஒரு குடும்ப ஃபவுண்டரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடன் கிடையாது, ஆண்டு நிகர லாபம் 1.20 கோடி ரூபாய். அதே தொழிலில் பங்குச்சந்தையில் உள்ள ஐந்து கம்பெனிகளின் பி.இ. விகிதம், அதாவது பங்கு விலை ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, முறையே 22, 24, 25, 31, 108. சராசரி 42. ஆகவே ஃபவுண்டரியின் மதிப்பு 50 கோடி என்று முதலாளி நம்புகிறார்.

நம்பிக்கை: சராசரி பி.இ.யை லாபத்தால் பெருக்கினால் மதிப்பு வந்துவிடும்.

முதல் கோளாறு அந்த 108. லாபம் அடியோடு சரிந்த வருடத்தில் பி.இ. இப்படித்தான் எகிறும்; கம்பெனி நன்றாக நடக்கிறது என்பதற்கு அது அடையாளமல்ல. வரிசையின் நடுவில் நிற்கும் 25-ஐ எடுத்துக்கொள்வதே முறை.

லாபத்தையும் துலக்க வேண்டும். முதலாளி சம்பளமே எடுப்பதில்லை. அவர் இடத்தில் ஒரு மேனேஜரை வைத்தால் ஆண்டுக்கு 30 லட்சம். ஷெட் அப்பாவின் பெயரில் இருக்கிறது. வாடகை ஊர் நிலவரத்தைவிட 12 லட்சம் குறைவு. மகனின் காருக்கு 6 லட்சம் கம்பெனிக் கணக்கில் போகிறது. முதல் இரண்டையும் கழித்து மூன்றாவதைத் திரும்பக் கூட்டினால், வரிக்கு முன் 36 லட்சம் குறையும். 25 சதவீத வரியைக் கணக்கில் கொண்டால் குறைவு 27 லட்சம். மிஞ்சும் லாபம் 93 லட்சம்.

நம்பிக்கை: சின்னக் கம்பெனி என்றால் பி.இ.யில் 30 சதவீதம் தள்ளிவிட்டால் போதும்.

30 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. பி.இ.யைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: 25 மடங்கு என்றால், போட்ட பணத்துக்கு 4 சதவீத லாபம். தோராயமாகச் சொன்னால், முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருவாய் விகிதத்திலிருந்து வளர்ச்சியைக் கழித்தால் கிடைப்பது இது. இரண்டு வாடிக்கையாளரையும் ஒரே முதலாளியையும் நம்பி நிற்கும் சிறு தொழிலுக்கு வாங்குபவர் கூடுதலாக 4 சதவீதம் கேட்பார் என்று கொள்வோம். சந்தைக் கம்பெனிகளைவிட வளர்ச்சி 2 சதவீதம் குறைவு என்றால் அதையும் சேர்க்க வேண்டும். 4+4+2=10 சதவீதம். திருப்பினால் 10 மடங்கு. தள்ளுபடி 60 சதவீதம்! ஒப்பிட்ட கம்பெனிகளின் பி.இ. 10 ஆக இருந்திருந்தால், அதே 6 சதவீதம் அதை 6.25 ஆக்கியிருக்கும், அங்கே தள்ளுபடி 37.5 சதவீதம்தான். எல்லாக் காலத்துக்கும் ஒரே தள்ளுபடி பொருந்தாததற்குக் காரணம் இதுவே.

ஆக, முழுக் கம்பெனியையும் வாங்குபவருக்கு மதிப்பு 9.30 கோடி.

நம்பிக்கை: 20 சதவீதப் பங்கின் விலை, முழு மதிப்பில் ஐந்தில் ஒன்று.

20 சதவீதம் வைத்திருப்பவரால் மகனின் காரை நிறுத்த முடியாது. எனவே அந்த 6 லட்சத்தைத் திரும்பக் கூட்டக் கூடாது. சம்பளமும் வாடகையும் நாளையே ஏறலாம் என்பதால் அந்தக் கழிவுகள் நிற்கட்டும். இப்போது லாபம் 88.5 லட்சம், மதிப்பு 8.85 கோடி, ஐந்தில் ஒன்று 1.77 கோடி.

அடுத்தது, விற்க முடியாத சங்கடம். சந்தைப் பங்கை நினைத்த நாளில் விற்றுவிடலாம். இந்தப் பங்குக்கு ஆள் தேட வேண்டும். அமெரிக்காவில், உடனே விற்கத் தடையுள்ள பங்குகள் எவ்வளவு மலிவாகக் கைமாறின என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 1997-இல் தடைக்காலம் இரண்டு ஆண்டிலிருந்து ஓராண்டாகக் குறைந்தபின் தள்ளுபடியும் சுருங்கியது. காத்திருக்கும் காலத்துக்குத்தான் விலை என்று இதிலிருந்து தெரிகிறது. நம் கணக்கில் 25 சதவீதம் தள்ளினால் சுமார் 1.33 கோடி.

சில மதிப்பீட்டாளர்கள் இதன்மேல் சிறுபான்மைப் பங்கு என்று இன்னொரு தள்ளுபடியும் போடுவார்கள். அது தப்பு. சந்தையில் அன்றாடம் கைமாறுவதே சிறுபான்மைப் பங்குதான். அந்தக் குறைவு 25 மடங்குக்குள் ஏற்கெனவே அடக்கம். அதேபோல் முழுக் கம்பெனியை வாங்கும்போது, நிர்வாகம் கைக்கு வருகிறது என்பதற்காக 30 சதவீதம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதும் சரியல்ல. நிர்வாகம் கைக்கு வந்தால் எந்தச் செலவு நிற்கும், எந்த வருமானம் கூடும் என்று லாபக் கணக்கில் காட்டட்டும். கார்ச் செலவை நாம் அப்படித்தான் காட்டினோம்.

அந்தக் கூடுதல் 4 சதவீதமும் கணிப்புதான். அதை 3 ஆக்கினால் 9.30 கோடி 10.33 கோடியாகும்; 5 ஆக்கினால் 8.45 கோடி. உங்கள் ஆடிட்டர் ஒரே எண்ணைத் தந்தால், இப்படி மேலும் கீழும் ஒரு எண் போட்டுத் தரச் சொல்லுங்கள்.