ஊறுகாய் பாட்டில் உடையாமல் போய்ச் சேர



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் ஊறுகாய்த் தொழில் தொடங்கிய சகோதரி ஒருவர் தவணை கட்ட முடியாமல் நம்மிடம் வந்தார். வியாபாரம் இல்லாமல் இல்லை. இரண்டு மாதத்தில் 40 பார்சல் அனுப்பியிருக்கிறார். அவற்றில் 6 உடைந்துபோனதாகத் தகவல் வந்தது. "நல்லாத்தான் சுத்தி அனுப்புறேன் பாய், கூரியர்காரங்கதான் தூக்கிப் போடுறாங்க" என்றார்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 300 கிராம் பாட்டில் இரண்டு கொண்ட பார்சலுக்கு, கூரியர் கட்டணம் உட்பட வாடிக்கையாளர் தருவது 400 ரூபாய். சரக்கு, அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் சேர்த்துச் செலவு 310. லாபம் 90. பார்சல் உடைந்தால் 400-ஐயும் திருப்பித் தரவேண்டும். செலவழித்த 310 போயே போய்விடும். ஆக, ஓர் உடைப்பு மூன்று பார்சலுக்கும் மேலான லாபத்தைத் தின்றுவிடுகிறது. பொருள் வாங்குபவரின் கைக்குச் சேருமுன் அழிந்தால் நஷ்டம் விற்றவரைச் சேர்ந்தது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். எனவே "உங்கள் ஊர் கூரியரைக் கேளுங்கள்" என்று வாடிக்கையாளரைத் தட்டிக்கழிக்க வழியில்லை. கண்ணாடிக்கும் எண்ணெய்ப் பொருளுக்கும் பல கூரியர்கள் நஷ்டஈடு தருவதுமில்லை. ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

திரும்பி வந்த மூன்று பார்சலைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டில், பாட்டில்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில், தோள்பகுதியில்தான் விரிசல் தொடங்கியிருந்தது. இரண்டு பாட்டிலையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றியிருந்ததால், வெளியே எத்தனை சுற்று இருந்தும் உள்ளே கண்ணாடியோடு கண்ணாடி மோதிக்கொண்டது. மூன்றாவதில் கண்ணாடி உடையவே இல்லை. மூடி வழியே எண்ணெய் கசிந்து, அட்டை ஊறி, அடிப்பக்கம் பிய்ந்திருந்தது. ஈரம்பட்ட அட்டைக்கு வலுவில்லை. ஆகவே, கசிவையும் உடைப்பாகவே எண்ண வேண்டும்.

எனவே முதல் வேலை மூடி. பாட்டிலின் விளிம்புவரை நிரப்பாமல் ஒரு விரல் அகலம் விடுங்கள். விளிம்பில் ஒட்டிய எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தபின் மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பாட்டிலை ஜிப் கவருக்குள் போடுங்கள். பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியாக, குமிழ் உள்பக்கம் வரும்படி பபுள் ராப்பால் சுற்றி, அடியையும் மூடியையும் சேர்த்து மடித்து ஒட்டுங்கள். இரண்டு பாட்டிலுக்கும் நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு அவசியம்.

பெட்டியின் அளவில்தான் பலரும் தவறுகிறார்கள். சுற்றிலும் 5 செ.மீ. இடைவெளி விடச் சொல்வார்கள். கனமான மண்பானைக்கும் ஒரு கிலோ பாட்டிலுக்கும் அது சரி. ஆனால் கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவார். இந்தச் சகோதரியின் பாட்டில் 7.5 செ.மீ. அகலம், 11 செ.மீ. உயரம். 5 செ.மீ. விட்டால் பெட்டி ஏறத்தாழ 28×18×21 ஆகி, கணக்கு 2 கிலோவைத் தாண்டும். 3 செ.மீ. விட்டால் 23×14×17, அது 1.1 கிலோதான். உண்மையான எடை 1.2 கிலோ என்பதால் கட்டணம் கூடாது. மூன்றடுக்கு அட்டைக்குப் பதில் ஐந்தடுக்கு அட்டையாக எடுத்தோம். மீந்த இடத்தில் செய்தித்தாளை இறுக்கிக் கசக்கித் திணித்தோம். தளர்வாகக் கசக்கினால் வழியிலேயே அமுங்கி இடம் விட்டுவிடும். பெட்டியைக் காதருகே ஆட்டினால் எதுவும் அசையக் கூடாது.

3 செ.மீ. போதுமா என்று சோதிக்கவும் செய்தோம். ஊறுகாய்க்குப் பதில் அதே எடைக்கு உப்புநீர் நிரப்பிக் கட்டி, சுமார் 75 செ.மீ. உயரத்திலிருந்து, அதாவது இடுப்பளவிலிருந்து, சிமெண்ட் தரையில் பத்து முறை போட்டோம்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு பக்கங்கள். முதல் பெட்டியில் அடிப்பக்கம் விழுந்தபோது ஒரு பாட்டில் உடைந்தது. கீழே தாள் போதவில்லை. அடியில் இன்னொரு மடிப்பு வைத்துக் கட்டிய இரண்டாவது பெட்டி தாங்கியது. "கண்ணாடி, கவனம்" என்று எழுதி ஒட்டுவதில் தவறில்லை, ஆனால் மூட்டையோடு மூட்டையாக அடுக்கும்போது அதை யாரும் படிப்பதில்லை.

இந்தக் கட்டுக்கு 20 ரூபாய் கூடுதல் செலவு. லாபம் 70 ஆகக் குறைந்தது. ஆனாலும் அடுத்த இரண்டு மாதத்தில் 38 பார்சலில் ஒன்றுதான் உடைந்தது. முன்பு உடைப்பு போக 1,200 ரூபாய் நின்ற இடத்தில் இப்போது 2,260 நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ். தவணையும் வரத் தொடங்கிவிட்டது.

இந்த அளவு ஐந்தடுக்குப் பெட்டிகளை மொத்தமாக வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வாங்கிய விலைக்கே தருகிறோம். வேறு அளவு பாட்டில் உள்ளவர்கள், அஸர் தொழுகைக்குப் பின் காலி பாட்டில் இரண்டை எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அளந்து, கட்டி, போட்டுப் பார்த்துவிடுவோம்.